பெரம்பூருக்கு வந்த புது ஆளுக்கு

கவி, பிரபு,

2.9 கிலோவில் வந்து இறங்கியிருக்கிறாள்! போட்டோவில் முஷ்டியை மடக்கியிருக்கும் தோரணையைப் பார்த்தால், இனி அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று தெரிகிறது. எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கேட்பாள். கவி, நடுவில் கிடைக்கிற தூக்கத்தை விடாதே. பிரபு, ஏப்பம் எடுக்க வைப்பதும் துணி மாற்றுவதும் உன் வேலை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஒரு வருஷம் வரை கட்டணமில்லை. அதனால் பெயர்ச் சண்டையை நிதானமாகவே போடுங்கள்.

ஞாயிறு மதியம் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறோம். பெல் அடிக்க மாட்டோம். இதற்குப் பதிலும் போட வேண்டாம். நீங்கள் கூப்பிடும்போது குட்டியைப் பார்க்க வருகிறோம்.

சித்ரா அக்கா, மாமா