கல்முகம்: மூன்று கட்டச் சித்திரக்கதை

தம்பி, நம் சிறுவர் மாத இதழின் பின்னட்டைக்கான கதை இது. வரிசையாக மூன்று கட்டங்கள், எல்லாம் ஒரே அளவு. கதாநாயகன் பஸ்டர் கீட்டன். 1895இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் பிறந்தவர், பேசாப்படக் காலத்தின் பெரிய நகைச்சுவை நடிகர். சிரிக்காத நடிகர் என்பதால் 'பெரிய கல்முகம்' என்றே அவரை அழைத்தார்கள். சுற்றி என்ன நடந்தாலும் அந்த முகம் மாறாது. நம் கதையும் அதேதான்.

முகத்தை முதலில் முடித்துவிடு. அவருடைய புகைப்படங்கள் நிறையக் கிடைக்கின்றன. 1920களில் எடுத்ததில் நேரே பார்ப்பது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முக்கால் திரும்பியது ஒன்று என மூன்றை எடுத்து மேஜையில் ஒட்டிக்கொள். ஒரே தாளில் அந்த மூன்று கோணத்தையும் நீயே வரைந்து பார். கட்டங்களை அதற்கப்புறம் தொடு.

பெரிய கண்கள், மேல் இமை சற்று கனத்து இறங்கியிருக்கும். நீண்ட நேரான மூக்கு. கன்னத்து எலும்பு எடுப்பாகத் தெரியும். வாய் ஒரே ஒரு நேர்கோடு, இரண்டு முனையும் மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. கீழே போனால் சோகமாகிவிடும். அவர் சோகமாக இருப்பவர் இல்லை, கவனமாக இருப்பவர். இந்த வித்தியாசத்தில்தான் அந்த முகமே நிற்கிறது. முகம் அசையாததால் பார்க்கிறவர்கள் கண்ணைத்தான் பார்ப்பார்கள், எனவே கண்ணில் உயிர் இருக்க வேண்டும். புருவத்தைத் தூக்கி வேலையை முடித்துவிடாதே.

தட்டையான வட்டத் தொப்பிதான் அவருடைய அடையாளம் என்று பலர் நினைப்பார்கள். நாம் அதை நம்ப வேண்டாம். மூன்றாவது கட்டத்தில் தலையில் தொப்பியே இல்லை. தொப்பி இல்லாமலும் அவர்தான் என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். இன்னொன்று: சின்ன வயதில் துணி பிழியும் இயந்திரத்தில் மாட்டி அவருடைய வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. வலது கை தெரியும் இடத்திலெல்லாம் அந்த விரல் குட்டையாகவே இருக்கட்டும். பெரிதுபடுத்திக் காட்ட வேண்டாம்.

கட்டம் 1

மேடை. பஸ்டர் சிறுவன், ஐந்து ஆறு வயது. அப்பா ஜோ அவனை இப்போதுதான் வீசியிருக்கிறார், கை இன்னும் நீண்டபடி இருக்கிறது. பையன் காற்றில் படுக்கைவாட்டில் பறந்து, வலப்பக்கம் இருக்கும் வர்ணம் பூசிய திரைத்தட்டியை நோக்கிப் போகிறான். மேடையின் இடது ஓரத்தில் அம்மா மைரா சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கிறார். 'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போன குடும்பம் இது. பையனைத் தூக்கி எறிய வசதியாக அவன் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். அந்தக் கைப்பிடி தெளிவாகத் தெரிய வேண்டும், பிள்ளைகள் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

கஷ்டம் இங்கேதான். அப்பாவைப் போலவே பையனுக்கும் வழுக்கைத் தலை பொய்முடியும் தாடியும் உண்டு. முகத்தில் பாதி மறைந்துவிடும். மிஞ்சுவது கண்ணும் மூக்கும் வாய்க்கோடும்தான். கண்ணை மற்ற இரண்டு கட்டங்களில் உள்ளதுபோலவே வரை, குழந்தைக் கண்ணாக உருட்டிவிடாதே. கன்னத்தை மட்டும் கொஞ்சம் உப்பலாக்கு. பார்வை நேராக நம்மை நோக்கி.

அப்பாவைக் கொடுமைக்காரராக வரைய வேண்டாம். அதற்காக எல்லாம் நல்லபடிதான் இருந்தது என்றும் காட்ட வேண்டாம். நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் இந்த ஆட்டத்தை எதிர்த்தது, அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அதனால் முன்வரிசையில் ஒரு அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நிற்கட்டும். மற்றவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

மேலே எழுத்து: அப்பா எறிவார். பஸ்டர் விழுவான். அவன் சிரித்துவிட்டால் சபை சிரிக்காது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டான்.

எழுந்து நிற்கும் அம்மாள்: ஐயோ, பிள்ளைக்கு அடிபட்டுவிடுமே!

பக்கத்து இருக்கைக்காரர்: அவன் முகத்தைப் பாருங்கள் அம்மா!

சத்தம்: விர்ர்ர்

கட்டம் 2

ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ், 1926. 'தி ஜெனரல்' படப்பிடிப்பு. நீராவி ரயில் இன்ஜினின் பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். காதலி ஒதுக்கிவிட்டாள் என்று தனக்குள்ளே மூழ்கியிருக்கிறார், இன்ஜின் கிளம்பிவிட்டதே தெரியவில்லை. சக்கரம் சுற்றச் சுற்றத் தண்டு அவரை மேலே தூக்குகிறது, முன்னே கொண்டுபோகிறது, கீழே இறக்குகிறது.

ஒரே கட்டத்துக்குள் அவரை மூன்று இடத்தில் வரை: கீழே, உச்சியில், மறுபடி கீழே. முதல் இரண்டும் மெல்லிய கோட்டில், கடைசி முழு மையில். மூன்று உருவத்துக்கும் முகம் அச்சு அசலாக ஒன்றே. தனித்தனியாக வரையாமல் ஒன்றை வரைந்து நகலெடுத்து வைத்தாலும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் இங்கே மாறாமல் இருப்பதுதான் நகைச்சுவை. தலைமுடி மற்ற கட்டங்களைவிட நீளம், காது மறையும் அளவுக்கு. படத்தின் கதை 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. நீராவியைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டால் சக்கரம் பிடிமானமில்லாமல் வேகமாகச் சுழலும், தண்டில் இருப்பவர் தூக்கி எறியப்படுவார். அதனால் இன்ஜின் ஓட்டுநரையும் காட்டு: ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு நீட்டி, கை நெம்புகோலில், கண் பஸ்டர் மேல்.

மேலே எழுத்து: வளர்ந்த பிறகு எறிய அப்பா இல்லை. இன்ஜின் இருந்தது.

ஓட்டுநர்: மெதுவா... மெதுவா...

சத்தம்: குப்... குப்... குப்...

கட்டம் 3

சாக்ரமெண்டோ ஆற்றங்கரை, 1927. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்துக்காகப் போட்ட ஊர். கதையில் முதலில் வெள்ளம்தான் இருந்தது. அந்த ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் நிஜமாகவே பெருவெள்ளம் வந்ததால் அதைச் சூறாவளியாக மாற்றினார்கள். வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து முன்பக்கமாக விழுகிறது. அதில் மாடி ஜன்னல் ஒன்று திறந்திருக்கிறது. பஸ்டர் நிற்பது சுவருக்கு முன்னால், சரியாக அந்த ஜன்னல் வந்து விழும் இடத்தில். சுவர் அவர் மேல் விழுகிறது, ஜன்னல் அவரைத் தாண்டிப் போகிறது. பொம்மைச் சுவர் இல்லை, இரண்டு டன் எடை என்பார்கள். தோளுக்கும் சட்டத்துக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. அளந்து குறித்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றார்.

சுவர் தரையைத் தொட்ட அடுத்த நொடியை வரை. நான்கு பக்கமும் தூசி வெடிக்கிறது, பலகைகள் தெறிக்கின்றன, காகிதங்கள் பறக்கின்றன. நடுவில் ஜன்னல் சட்டம், அதற்குள் அவர். கைகள் தளர்ந்து தொங்குகின்றன, தலைமுடி கலைந்திருக்கிறது. தூசி எவ்வளவு வேண்டுமானாலும் போடு, முகத்தின் மேல் மட்டும் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. முகத்தின் அளவு முதல் கட்டத்துச் சிறுவனின் முகத்தின் அதே அளவு, அதே உயரத்தில். மூன்று கட்டத்தையும் குறுக்கே ஒரு கோடு போட்டால் கண்கள் அந்தக் கோட்டில் வர வேண்டும். இரண்டாவது கட்டத்தில் முழு மையில் இருக்கும் உருவத்துக்கும் இதுவே கணக்கு.

இடது ஓரத்தில் கேமரா, பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் கண்ணை இறுக மூடியிருக்கிறார். இன்னொருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார்.

மேலே எழுத்து வேண்டாம்.

சத்தம்: டமார்! (கட்டத்தின் பாதி அகலத்துக்கு, அவருக்குப் பின்னால்)

கண்ணை மூடியவர்: இருக்காரா?

திரும்பி நிற்பவர்: நீ பார்த்துச் சொல்!

பஸ்டருக்கு மூன்று கட்டத்திலும் பேச்சுக்குமிழ் கிடையாது.