ஊரணி தூர்வாரல்: செப்டம்பர் 7 வரை வந்த பணமும் இன்னும் வேண்டியதும்

பணம் கொடுத்த, கொடுப்பதாகச் சொன்ன எல்லோருக்கும் வணக்கம்.

வசூல் தாளின் படத்தை ஞாயிறு இரவு 9 மணிக்கு எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் பச்சைக் கோடு 85 சதவீதம் வரை போயிருக்கும். அதை நம்பி யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 'தருகிறேன்' என்று பெயர் கொடுத்தவர்களின் ரூ.62,000-ஐயும் அந்தக் கோடு வந்த பணமாகவே எண்ணுகிறது. அதோடு திருப்பூரிலிருந்து வந்த ஒரு ரூ.5,000 இரண்டு வரியில் ஏறியிருக்கிறது. அது என் கைப்பிழை. படம் எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது, திருத்திவிட்டேன்.

வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த கணக்கு இது: இலக்கு ரூ.6,50,000. கைக்கு வந்தது ரூ.4,87,350, அதாவது 75 சதவீதம். பாக்கி ரூ.1,62,650. சொன்னவர்கள் எல்லோரும் அனுப்பிவிட்டால் துண்டு விழுவது ரூ.1,00,650 மட்டும்.

இதுவரை செலவு ரூ.1,64,800. ஜேசிபி 96 மணி நேரம், மணிக்கு ரூ.1,300 வீதம் ரூ.1,24,800, மடை கட்டும் கொத்தனாருக்கு முன்பணம் ரூ.40,000. வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளே தங்கள் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அதனால் மண் ஏற்றும் கூலி நமக்கு இல்லை. கையிருப்பு ரூ.3,22,550.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரம் தொடங்கிவிடும். அதற்குள் மடையும் வரத்துக்காலும் முடிந்தாக வேண்டும். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் வேரோடு மண்டிக் கிடக்கிறது. அதை எடுக்காவிட்டால் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் தண்ணீர் வந்து சேராது. இந்த இரண்டுக்கும் கையிருப்பே போதும். பணம் முழுதாகச் சேராவிட்டால் படித்துறையைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடலாம் என்பது என் எண்ணம். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம்.

அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நம்முடையது வெறும் ஊர்க்குழு. வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது தர முடியாது. சிங்கப்பூரில் இருப்பவர்களில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுக் குடிமக்களிடம் வாங்க எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும், அது நம்மிடம் இல்லை. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் சட்டம் அப்படி.

பெயர் கொடுத்தவர்கள் செப்டம்பர் 20-க்குள் அனுப்பினால் கருவேலம் எடுக்கிற வேலையோடு படித்துறைக் கல்லுக்கும் சொல்லிவிடுவேன். அனுப்பியதும் பெயரையும் தொகையையும் எனக்கு ஒரு செய்தியாகப் போடுங்கள். வெறும் எண்ணோடு வந்த மூன்று வரவு யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், நாலடி ஆழத்தில் நெளிந்துபோன பித்தளைக் குடம் ஒன்று கிடைத்தது. கழுத்தில் 'மீ' என்று வெட்டியிருக்கிறது. பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பாட்டி தொலைத்ததாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப் பொறுப்பாளர்,
ஊரணிக் குழு