மதிப்பீட்டுக் குறிப்பு: ஸ்கர்வி ஐயம், வைட்டமின் சி பரிசோதனை

சுங்கை சிப்புட், மார்ச் 4. நோயாளி 68 வயது ஆண், ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி, மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். மகள் அழைத்து வந்தார். கால்வலி, சோர்வு, காரணமில்லாமல் காலில் நீலத் தழும்புகள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறார்.

உணவு: காலையில் தே-ஓவும் பிஸ்கட்டும். மதியமும் இரவும் சோறு, பொரித்த கருவாடு அல்லது முட்டை. காய் சாப்பிடுவீர்களா என்று மட்டும் கேட்டிருந்தால் "சாப்பிடுவேன்" என்ற பதிலோடு முடிந்திருக்கும். நேற்று, முந்தாநாள் என்று வேளை வேளையாகக் கேட்டதில் காய் என்பது குழம்பில் கிடந்த வெங்காயம்தான் என்று தெரிந்தது. பழத்தை நிறுத்தி ஏழெட்டு மாதம். காரணம்: "சக்கரை இருக்கு டாக்டர், பழம் தொடக் கூடாதுன்னாங்க." மதிப்பீட்டில் உணவில் வைட்டமின் சி நாளுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவு; மலேசியப் பரிந்துரை 70. தினம் பத்து சிகரெட், அது தேவையை இன்னும் கூட்டுகிறது. மது இல்லை.

உடல் பரிசோதனை: தொடையிலும் கெண்டைக்காலிலும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினால் மறையவில்லை. பல முடிகள் திருகிச் சுருண்டுள்ளன. ஈறு வீங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறது. ஆனால் மிச்சமிருக்கும் ஆறு கீழ்ப்பற்களைச் சுற்றி மட்டும். பல் இல்லாத இடத்தில் ஈறு நன்றாக இருப்பதை வைத்து ஸ்கர்வி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இடது முழங்கால் வீக்கம். அடிபட்டதாகவோ யாரும் அடித்ததாகவோ இல்லை, தனியாகவும் கேட்டேன்.

இரத்தம்: ஹீமோகுளோபின் 10.4, பிளேட்லெட் 236, ஐஎன்ஆர் 1.0, கிரியேட்டினின் இயல்பு. உறைதலில் குறையில்லை.

கணிப்பு: ஸ்கர்வி ஆபத்து அதிகம், பெரும்பாலும் ஸ்கர்வியே. வைட்டமின் சி மாதிரி மாத்திரைக்கு முன்பே வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டது. வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸில் வைத்து அனுப்பினோம். மகள் கொண்டுவந்த ஆரஞ்சு ஜூஸை அவர் இன்னும் குடிக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்தேன். குடித்திருந்தால் அளவு ஏறி, குறைபாட்டை மறைத்திருக்கும்.

முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. வைட்டமின் சி 250 மி.கி. நாளுக்கு நான்கு வேளை, மூன்று நாள். பிறகு நாளுக்கு 500 மி.கி. ஒரு வாரம், அப்புறம் 100 மி.கி. மூன்று மாதம். சிறுநீரகக் கல், இரும்பு மிகை நோய் வரலாறு இல்லை. ஜி6பிடி நிலை தெரியாததால் ஊசி வழி மிகை அளவு வேண்டாம்.

மார்ச் 13, பிற்சேர்க்கை: பிளாஸ்மா வைட்டமின் சி 5 மைக்ரோமோல்/லிட்டர் (11-க்குக் கீழ் குறைபாடு). சிஆர்பி 6 மட்டுமே, ஆகவே அழற்சியால் இவ்வளவு இறங்கியிருக்க வாய்ப்பில்லை. கால்வலி மூன்றாம் நாளே குறைந்ததாம். ஈறு கசியவில்லை, தழும்புகள் மங்குகின்றன. ஸ்கர்வி உறுதி.

பழத்தடை நீக்கம்: தினம் அரைக் கொய்யா, சர்க்கரை சேர்க்காமல். வீட்டுப் பின்னாலேயே மரம் இருக்கிறதாம். கீரையும் பச்சைக் காயும் மகள் வாரம் இருமுறை கொண்டுவருவார். சிகரெட் பற்றிப் பேசினேன், பதில் சிரிப்புதான். இரும்பு, ஃபோலேட், பி12 பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பியாயிற்று. மறுபார்வை ஏப்ரல் 3.