இளநிலை டெவலப்பர் பணிக்கு விண்ணப்பம் – க. செண்பகவல்லி, பி.இ. கணினி அறிவியல் (2025)

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் தமிழ்ப் பாடச் செயலிக்கு இளநிலை டெவலப்பர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். விண்ணப்பத்தைத் தமிழிலேயே அனுப்பலாம் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நான் செய்த வேலையும் தமிழ் எழுத்தைப் பற்றியதுதான் என்பதால் அது எனக்கு வசதியாகப் போயிற்று.

இந்த ஆண்டு மே மாதம் பி.இ. முடித்தேன். மொத்த சி.ஜி.பி.ஏ. 7.8. மூன்றாம் செமஸ்டரில் கணிதத்தில் ஒரு அரியர் விழுந்தது, அடுத்த செமஸ்டரிலேயே எழுதித் தேறிவிட்டேன். ஜாவாஸ்கிரிப்ட், நோட், எஸ்கியூலைட் மூன்றிலும் துணை இல்லாமல் வேலை செய்வேன். ரியாக்ட் பாடமாகப் படித்திருக்கிறேன், பெரிதாக எதுவும் கட்டியதில்லை.

நான் செய்த புராஜெக்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புத்தகப் பட்டியல் கையெழுத்துப் பதிவேட்டில்தான் இருந்தது. அதை வைத்து இணையம் இல்லாமலும் ஓடும் தேடல் செயலி ஒன்றைச் செய்தேன். 3,100 தலைப்புகளை நானும் தம்பியும் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம்.

முதல் நாளே நூலகர் அக்கா ஒன்றைக் கேட்டார்: "பனை ஏன்மா பறவைக்கு முன்னாடி வருது?" அகர வரிசையில் ன-வுக்கு முன்னால் ற வரும், ன கடைசி எழுத்து. ஆனால் யூனிகோடில் ன-வின் எண் 0BA9, ற-வின் எண் 0BB1. எஸ்கியூலைட் தானாக அந்த எண் வரிசையில்தான் அடுக்குகிறது. பள்ளி, பழத்துக்கு முன்னால் போய் நின்றதற்கும் அதுவே காரணம். வரிசைப்படுத்துவதை தரவுத்தளத்திலிருந்து எடுத்து `Intl.Collator("ta")`-க்கு மாற்றினேன். சரியாகிவிட்டது.

தேடல்தான் அதிக நாள் எடுத்தது. "பொன்" என்று தேடினால் சில புத்தகங்கள் வரவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் "பொ", ஓரிடத்தில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும், இன்னோரிடத்தில் ஒரே குறியாகவும் பதிவாகியிருந்தது. அதை நார்மலைஸ் செய்து தீர்த்தேன். "மௌனம்" மட்டும் அதற்கும் பிடிபடவில்லை. நாங்களே பல இடங்களில் ள எழுத்தைப் போட்டு "மெளனம்" என்று அடித்திருந்தோம். இரண்டையும் ஒன்றாக்கினேன். உடனே "வெ" என்று தேடினால் "வெள்ளம்" வராமல் போயிற்று, ஏனென்றால் அதற்குள்ளும் அதே எழுத்துச் சேர்க்கை இருக்கிறது. கடைசியில், ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாமல் விட்டுவிடும்படி எழுதினேன்:

```javascript
const key = s => s.normalize("NFC")
  .replace(/\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])/g, "\u0BCC");
```

இந்த வடிவம் தேடலுக்கு மட்டும் தரவுத்தளத்தில் தனி நெடுவரிசையில் இருக்கும். திரையில் அசல் தலைப்புதான் தெரியும். "வெள" என்று பாதியில் நிறுத்தித் தேடினால் மட்டும் "வெள்ளம்" இன்னும் கிடைப்பதில்லை. அதைத் தெரிந்தே விட்டிருக்கிறேன், நிரலிலும் குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை அகப்பட்ட ஒவ்வொரு பிழைக்கும் ஒரு டெஸ்ட் எழுதினேன், மொத்தம் 14. ஆறு மாதமாக நூலகத்தில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகம் தேடி வருகிற பள்ளிப் பிள்ளைகள் இப்போது தாங்களே தட்டிப் பார்த்து, நேராக அலமாரிக்குப் போகிறார்கள். அதை ஒரு மாலை முழுக்க நின்று பார்த்தேன். இந்த வேலையைத்தான் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

உங்கள் செயலியில் பிள்ளைகள் தமிழ்ச் சொற்களைத் தட்டச்சு செய்து விடை எழுதுகிறார்கள் என்று அறிவிப்பில் படித்தேன். "மௌனம்" என்பதை ள போட்டு எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அது எழுத்துப்பிழையா, விசைப்பலகையின் கோளாறா என்பதைப் பிரித்தறியும் பகுதியில் என்னால் முதல் வாரத்திலிருந்தே உதவ முடியும் என்று நம்புகிறேன்.

இதுவரை தனியாகத்தான் நிரல் எழுதியிருக்கிறேன். மூத்தவர்கள் என் நிரலைப் படித்துத் திருத்தும் இடம் எனக்கு வேண்டும், நான் விண்ணப்பிக்க அதுவும் ஒரு காரணம். பயிற்சிக் காலம் வைத்தாலும் சம்மதம்.

தன்விவரம், மதிப்பெண் பட்டியல், செயலியின் முழு நிரல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும், இரவு பஸ் பிடித்துக் காலையில் வந்துவிடுவேன். காணொளி அழைப்பு என்றால் எந்த நாளும் சரி. தேர்வானால் உடனே சேரத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
க. செண்பகவல்லி
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்