2024-25 தணிக்கைத் தடை, பத்தி 7: செயலாளரின் பதிலறிக்கை

அனுப்புநர்
செயலாளர்,
ரப்பர் பால் கொள்முதல் சங்கம்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
தணிக்கை அலுவலர்,
நாகர்கோவில்.

நாள்: 18.08.2025

பொருள்: ரப்பர் பாலின் டி.ஆர்.சி. சோதனைப் பதிவேட்டில் விடுபாடு; தராசு முத்திரை காலாவதி – பதில் அளித்தல்.
பார்வை: 04.08.2025 அன்று கிடைத்த தணிக்கைக் குறிப்புரை, பத்தி 7(அ), 7(ஆ).

ஐயா,

பத்தி 7(அ)-வில் சுட்டிய குறை உண்மை. 14.10.2024 முதல் 27.10.2024 வரை டி.ஆர்.சி. பதிவேட்டில் ஒரு பதிவும் இல்லை. 15, 16, 22 ஆகிய மூன்று நாள்களிலும் மழையால் பால்வெட்டே நடக்கவில்லை. எடைப் பதிவேட்டில் அந்நாள்களின் கொள்முதல் சுழியம் என்றே உள்ளது. எனவே 14 நாள் என்பதை 11 நாள் எனத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு திருத்தத்தைத் தவிர குறிப்புரையில் மறுப்பதற்கு எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். 13.10.2024 அன்று மையத்திலிருந்த ஒரே மெட்ரோலாக் கழுவும்போது உடைந்தது. சோதனை உதவியாளர் மருத்துவ விடுப்பில் இருந்தார். வேறு எவருக்கும் சோதனை தெரியாது. புதிய கருவி 28.10.2024 அன்றுதான் வந்தது. அதுவரை எல்லோருடைய பாலுக்கும் 34 விழுக்காடு என்று போடும்படி கொள்முதல் எழுத்தரிடம் வாய்மொழியாகச் சொன்னவன் நான். எழுத்தர் மீது பொறுப்பைச் சுமத்த வேண்டாம்.

அந்த 11 நாள்களில் வாங்கிய பால் 2,640 கிலோ. ஆலை தன் தொட்டியில் சோதித்துத் தந்த சராசரி 31.5 விழுக்காடு. வேறுபாடு 2.5 விழுக்காடு, அதாவது 66 கிலோ உலர் ரப்பர். அன்றைய எங்கள் கொள்முதல் விலையான கிலோ 180 ரூபாய்க்கு, சங்கத்திற்கு நேர்ந்த இழப்பு 11,880 ரூபாய்.

இந்தத் தொகையைவிட என்னை உறுத்துவது வேறு. சிரட்டையில் மழைநீர் விழுந்த பாலுக்கும், மரத்துக்கு மழைக்காப்பு கட்டிப் பாதுகாத்து எடுத்த கெட்டியான பாலுக்கும் ஒரே விலை கொடுத்திருக்கிறோம். கவனமாக வெட்டியவர் இழந்தார். தண்ணீர் கலந்த பால் கொண்டுவந்தவர் பெற்றார். யாருக்கு எவ்வளவு என்பதை இனிக் கணக்கிட வழியில்லை, மாதிரி எதையும் எடுத்து வைக்கவில்லை. ஆகவே உறுப்பினர்களிடமிருந்து பிடித்தம் செய்வது முறையாகாது என்பது என் கருத்து. தொகையை என்னிடமிருந்து வசூலிப்பதா என்பது உள்ளிட்ட முடிவுக்காக 10.09.2025 அன்று நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறேன். தீர்மான நகல் 17.09.2025-க்குள் தங்களுக்கு வரும். 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டத்திலும் இதை மறைக்காமல் சொல்வேன்.

இரண்டு மெட்ரோலாக்குகள் 12.08.2025 அன்று வாங்கப்பட்டுவிட்டன. ஒன்று உறைபிரிக்காமல் அலமாரியில் இருக்கும். ஆனால் மெட்ரோலாக் விரைவான மதிப்பீட்டுக்கே உதவும். மழைக்காலத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. அதனால் 15.09.2025-க்குள் உலர்த்தும் அடுப்பு நிறுவி, ஒவ்வொரு உறுப்பினரின் பாலிலும் மாதிரி எடுத்து, அமிலத்தால் உறையவைத்து, கழுவி உலர்த்தி எடைபோடும் முறைக்கு மாறுகிறோம். உலர்ந்த ரப்பர் வில்லை உறுப்பினர் எண்ணுடன் 30 நாள் பாதுகாக்கப்படும். சந்தேகம் உள்ளவர் தானே எடைபோட்டுப் பார்க்கலாம். அடுப்பு வரும்வரை, 25.08.2025 முதல் ஒவ்வொரு மாதிரியும் மெட்ரோலாக்கில் இருமுறை அளக்கப்படும்.

சோதனை நடக்காத நாளில் முழுத் தொகை பட்டுவாடா செய்யப்படாது. 70 விழுக்காடு முன்பணமாகக் கொடுத்து, சோதனை முடிவு வந்தபின் மீதியைத் தருவோம். இதற்கான எழுத்து உத்தரவு இன்றே பிறப்பிக்கப்பட்டு, நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கொள்முதல் எழுத்தருக்கும் இரவுக் காவலருக்கும் 30.09.2025-க்குள் சோதனைப் பயிற்சி முடிக்கப்படும். காவலர் எதற்கு என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். விடியற்காலையில் முதல் பால் கேன் வந்து இறங்கும்போது மையத்தில் இருப்பவர் அவர்தான்.

பத்தி 7(ஆ): மின்னணுத் தராசின் முத்திரை 30.11.2024-உடன் முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டது எங்கள் தவறு. 11.08.2025 அன்று முத்திரை ஆய்வாளரிடம் சரிபார்த்து முத்திரை பெறப்பட்டது. சான்றிதழ் நகல் இணைப்பு 2. அடுத்த கெடு தேதி தராசின் மீதே ஒட்டப்பட்டுள்ளது.

இவையெல்லாம் வெயில் நாளில் சரியாக நடப்பதில் வியப்பில்லை. வடகிழக்குப் பருவமழையில்தான் போன ஆண்டு தவறினோம். எனவே 15.10.2025 முதல் 31.10.2025 வரை ஒவ்வொரு நாளின் எங்கள் சோதனை முடிவையும் ஆலையின் முடிவையும் அருகருகே எழுதி, அந்தப் பட்டியலை 05.11.2025-க்குள் அனுப்புகிறேன். அதைப் பார்த்த பிறகே பத்தி 7(அ)-வை முடித்துவைப்பது பற்றி முடிவெடுக்கலாம். அதற்கு முன் கைவிடும்படி நான் கோரவில்லை. 7(ஆ)-வை மட்டும் இப்போதே முடித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செயலாளர்

இணைப்பு: 1. எழுத்து உத்தரவு நகல் 2. தராசு முத்திரைச் சான்றிதழ் நகல் 3. ஆலையின் சோதனை முடிவுகள், அக்டோபர் 2024