நம்ம செக்குல இனி ஒவ்வொரு பில்லுக்கும் பாயிண்ட்

"மாசாமாசம் உங்ககிட்டதானே எண்ணெய் வாங்கறோம், எங்களுக்குன்னு ஏதாச்சும் செய்யக் கூடாதாங்க?" கோபி கடைக்கு வர்றவங்க நிறைய பேர் கேட்டுட்டீங்க. கேட்டது நியாயம்தான். 2026 செப்டம்பர் 1-ல இருந்து நம்ம கடையில பாயிண்ட் கணக்கு ஆரம்பிக்குதுங்க.

கணக்கு இவ்வளவுதான்: 50 ரூபாய்க்கு வாங்கினா 1 பாயிண்ட். 1 பாயிண்ட்னா 1 ரூபாய்.

ஒரு வீட்டு மாசக் கணக்கையே போட்டுப் பாக்கலாம். கடலெண்ணெய் 2 லிட்டர் 560, நல்லெண்ணெய் 1 லிட்டர் 400, தேங்காயெண்ணெய் அரை லிட்டர் 250. மொத்தம் 1,210 ரூபாய், 24 பாயிண்ட். மிச்சம் நிக்கற 10 ரூபாயும் வீணாகாது, அடுத்த பில்லோட சேந்துக்கும். இப்படி வாங்கினா அஞ்சாவது மாசம் 121 பாயிண்ட் இருக்கும்.

சொந்தமா தூக்கோ கேனோ கொண்டு வந்து 1 லிட்டருக்கு மேல வாங்கினா, அந்த பில்லுக்கு 5 பாயிண்ட் கூடுதல். மேல சொன்ன வீட்டுக்கு நாலாவது மாசமே 116 ஆயிடும். பாத்திரம் மட்டும் ஈரமில்லாம, நல்லாத் துடைச்சுக் கொண்டு வாங்க. சொட்டுத் தண்ணி இருந்தாலும் எண்ணெய் கெட்டுப்போகும்.

100 பாயிண்ட் சேந்ததும் எடுத்துக்கலாம். பில்லுல 100 ரூபாய் கழிச்சுக்கலாம். எங்களைக் கேட்டா, எண்ணெயாவே வாங்கிக்கோங்கன்னு சொல்லுவோம். 140 ரூபா அரை லிட்டர் கடலெண்ணெய் 120 பாயிண்டுக்கே கிடைக்கும். 200 ரூபா அரை லிட்டர் நல்லெண்ணெய்க்கு 170 பாயிண்ட் போதும். உங்களுக்கு லாபம், சொந்தமா ஆட்டின சரக்குங்கறதால எங்களுக்கும் கட்டுப்படியாகும்.

"நூத்துக்கு ரெண்டு ரூபாதானா?"ன்னு தோணும். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய ரெண்டரைக் கிலோ பருப்பு ஆட்டறோம். நல்லெண்ணெய்க்கு எள்ளோட கருப்பட்டியும் போடறோம். இதுக்கு மேல குடுக்கணும்னா எண்ணெய்ல கை வைக்கணும். அதை மட்டும் செய்ய மாட்டோம். பாயிண்டுக்காக வெலையையும் ஏத்தலைங்க, நேத்து இருந்த அதே வெலைதான். புண்ணாக்குக்கும், டின் கணக்குல கடைக்கு எடுக்கறவங்களுக்கும் பாயிண்ட் இல்லை. அந்த வெலையில ஏற்கெனவே எங்களுக்கு நிக்கறது ரொம்பக் கம்மி.

இப்ப எல்லாரும் கேக்கப் போற விஷயம்: பாயிண்ட் எப்ப காலாவதியாகும்?

ஒவ்வொரு பாயிண்டுக்கும், அது சேந்த நாள்ல இருந்து 12 மாசம் ஆயுசு. 2026 செப்டம்பர் 10-ல சேந்தது 2027 செப்டம்பர் 10 வரைக்கும் இருக்கும். அக்டோபர்ல சேந்தது அடுத்த அக்டோபர் வரைக்கும். மொத்தமா ஒரே நாள்ல எல்லாம் அழியாது, அந்தந்த பில்லுக்கு அந்தந்தத் தேதி. நீங்க எடுக்கும்போது பழைய பாயிண்டுதான் முதல்ல கழியும், அதனால தொடர்ந்து வாங்கறவங்களுக்கு ஒண்ணும் போகாது. இந்தத் தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கினதுல சேர்றது அடுத்த தீபாவளி நெருங்கற வரைக்கும் இருக்கும்.

முடியறதுக்கு 30 நாள் முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வரும்: எத்தனை பாயிண்ட், எந்தத் தேதி வரைக்கும்னு. அந்த ஒரு மாசத்துல மட்டும் 100 சேரலைன்னாலும் இருக்கறதை எடுத்துக்கலாம். சின்னக் குடும்பம், மாசம் அரை லிட்டர்தான் வாங்குவோம்ங்கறவங்களோட பாயிண்ட் வீணாப் போறதுல எங்களுக்கு மனசில்லை.

கார்டு, ஆப் எதுவும் வேண்டாம். பில் போடும்போது ஃபோன் நம்பர் சொன்னாப் போதும். வீட்டுல யார் வந்தாலும் ஒரே நம்பரைச் சொல்லுங்க, எல்லாம் ஒரே கணக்குல ஏறும். ஃபோன் இல்லாத பெரியவங்களுக்குக் கடை நோட்டுல பேர் எழுதி வெச்சுக்கறோம். அவங்களுக்கு முடியற தேதியை நேர்லயே ஞாபகப்படுத்திடுவோம். நம்பர் மாறினா வந்து சொல்லுங்க, பாயிண்ட் அப்படியே மாறிக்கும். உங்க நம்பரை வேற யாருக்கும் குடுக்க மாட்டோம், விளம்பரம்னு கூப்பிட்டுத் தொந்தரவும் பண்ண மாட்டோம்.

எண்ணெய் பிடிக்காம திருப்பிக் குடுத்தா பணம் உடனே வந்துடும், அந்த பில்லோட பாயிண்ட் மட்டும் கழியும்.

ஏற்கெனவே நம்ம நோட்டுல பேர் இருக்கற பழைய வாடிக்கையாளருங்க எல்லாருக்கும் முதல் நாளே 25 பாயிண்ட் ஏத்தி வெச்சிருக்கோம். அதுக்கும் 12 மாசம்தான். செப்டம்பர்ல எண்ணெய் வாங்க வர்றப்ப நம்பரைச் சொல்லிச் சரிபாத்துக்கோங்க. காலையில 8 மணியில இருந்து ராத்திரி 8 வரைக்கும் கடை இருக்கும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் 1 மணியோட சாத்திடுவோம். சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஒவ்வொண்ணுக்கும் பதில் போடறோம்.

#கோபிசெட்டிபாளையம் #மரச்செக்குஎண்ணெய் #நம்மசெக்குபாயிண்ட்