நாளைக் குறித்து வையுங்கள்: யாழினி – கதிரவன் திருமணம்

யாழினி
கதிரவன்

இருவரும் மணம் செய்துகொள்கிறோம்.

2027 மே 16, ஞாயிறு காலை
திருச்சிராப்பள்ளி

முந்தைய நாள், சனிக்கிழமை மாலை, வரவேற்பு.

இந்த இரண்டு நாட்களையும் எங்களுக்காக எடுத்து வையுங்கள்.
பத்திரிகை பின்னால் வரும்.

*

அட்டையில் உள்ளது இவ்வளவுதான். உள்ளூரில் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டால் போதும். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டியவர்கள்தான் எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல். அவர்களுக்காக மீதியையும் எழுதுகிறேன். எழுதுவது யாழினி. கதிர் பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளைச் சரிபார்க்கிறார்.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை அழைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போனில் அழைத்து முடித்துக்கொள்ளும் எண்ணம் எங்கள் இரு வீட்டிலும் யாருக்கும் இல்லை. பிப்ரவரி கடைசியில் பத்திரிகை அச்சாகிவிடும். போக முடிகிற ஊர்களுக்கெல்லாம் அப்பா அம்மாவோ மாமா அத்தையோ நேரில் வந்து கொடுப்பார்கள். ஆனால் பத்திரிகை கைக்கு வரும்வரை காத்திருந்தால் பலருக்கு லீவும் டிக்கெட்டும் கைநழுவிவிடும். அதனால்தான் தேதி முடிவானதுமே, நவம்பரிலேயே, சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று கேட்டால், என் அக்கா கல்யாணத்தைத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் அவசரத்தில் நடந்த கல்யாணம் அது. என்னோடு நான்கு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்த தோழிக்கு 20 நாள் முன்புதான் சொல்ல முடிந்தது. அக்காவை அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புனேயிலிருந்து ரயிலில் இடம் இல்லை, விமானக் கட்டணம் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் தாலி கட்டும் நேரத்தில் நான் போனைத் தூக்கிப் பிடித்தேன், அவள் அந்தப் பக்கம் திரையில் பார்த்தாள். நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 'பரவாயில்லை விடு' என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று இல்லை. என் கல்யாணத்தில் யாரும் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், ஊர். கதிர் வீடு கோயம்புத்தூரில், நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது சென்னையில். பிறகு ஏன் திருச்சி என்று சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். என் அப்பத்தாவுக்காக. இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடிவதில்லை. இதைக் கதிர் வீட்டில் எப்படிச் சொல்வது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தோம். அவருடைய அம்மாவே முந்திக்கொண்டார். 'அவங்க வர முடியாத ஊர்ல கல்யாணத்தை வெச்சு என்ன பண்றது? நாம போவோம்' என்றார். அவ்வளவுதான், ஊர் முடிவாகிவிட்டது. அத்தைக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்பத்தாவின் வீட்டிலிருந்து மண்டபம் பத்து நிமிடம். நகருக்குள்ளேயே இருக்கிறது. பெயரும் வழியும் பத்திரிகையில் இருக்கும்.

இனி பயணம். ரயிலில் வருபவர்கள் தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். முன்பெல்லாம் நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடலாம். 2024 நவம்பரிலிருந்து, பயண நாளைச் சேர்க்காமல், 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. அதாவது மே 14 வெள்ளி இரவு கிளம்புவதாக இருந்தால் மார்ச் 15 காலை 8 மணிக்கு, மே 15 சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தால் மார்ச் 16 காலை 8 மணிக்கு. ஞாயிறு இரவு திரும்பும் டிக்கெட்டுக்கு மார்ச் 17. ரயில் புறப்படும் ஊரில் என்ன தேதியோ அதை வைத்துத்தான் கணக்கு. நள்ளிரவு தாண்டி உங்கள் ஊருக்கு வரும் ரயிலாக இருந்தால் ஒரு நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். கோடை விடுமுறையின் நடுவில் வரும் வார இறுதி இது. இடங்கள் நிமிடக் கணக்கில் போய்விடும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இப்போதே முடித்துவையுங்கள். முன்பதிவு திறந்தவுடன் எடுக்க அது இல்லாமல் முடியாது. மார்ச் 14 மாலை குடும்பக் குழுவில் கதிர் ஒருமுறை நினைவூட்டுவார்.

சென்னையிலிருந்து ரயிலில் ஐந்து, ஆறு மணி நேரம். இரவு கிளம்பினால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், பகலில் என்றால் வைகையோ பல்லவனோ. எங்கள் நண்பர்கள் பலருக்கு இவை பழகின ரயில்கள்தான். பேருந்தில் வருபவர்களுக்கு ஒரு மாற்றம் உண்டு. திருச்சிக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தால் ஜங்ஷன் பக்கத்து மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கலாம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். 2025இலிருந்து வெளியூர்ப் பேருந்துகளுக்குப் பஞ்சப்பூரில் புதிய நிலையம். மதுரைச் சாலையில், நகருக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் டவுன் பஸ் உண்டு. சனிக்கிழமை மதியத்திலிருந்து இரவுவரை பஞ்சப்பூருக்கும் ஜங்ஷனுக்கும் எங்கள் வேன் ஒன்று போய் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை. மாமா ஒரு பேருந்து ஏற்பாடு செய்கிறார். சனிக்கிழமை காலை கிளம்பி மதியத்துக்குள் இங்கே இருக்கும், ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் திரும்பும்.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்குத் திருச்சிக்கே நேரடி விமானம் இருக்கிறது, சென்னை வந்து சுற்ற வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவையும் பாருங்கள். கதிரின் சித்தப்பா பையன் போன வருடம் விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் பாஸ்போர்ட் காலாவதியானதைக் கவனித்தான். அவனே இதைக் கண்டிப்பாக எழுதச் சொன்னான்.

மே 16 கத்தரி வெயிலுக்குள் வருகிறது. திருச்சி வெயிலைப் பற்றி நான் மறைக்கப் போவதில்லை. பகலில் 40 டிகிரியைத் தொடும். மண்டபம் முழுக்கக் குளிர்சாதன வசதி இருக்கிறது, தங்கும் அறைகளிலும் இருக்கிறது. ஆனாலும் பயணத்துக்குப் பருத்தி உடையாக எடுத்து வாருங்கள். பட்டுப்புடவை கட்ட வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் மண்டபத்துக்கு உள்ளே இருக்கிற மாதிரிதான் ஞாயிறு காலை நேரத்தை அமைக்கிறோம்.

குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். பள்ளி விடுமுறை பார்த்துத்தான் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கதிர் பக்கம் பதினோரு வாண்டுகள் இருக்கிறார்கள், என் பக்கம் ஏழு. சத்தம் போடட்டும், ஓடட்டும்.

நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வீட்டில் இருந்தால் முன்பே சொல்லுங்கள். மண்டபத்தில் சாய்தளமும் லிஃப்ட்டும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். அப்பத்தாவின் சக்கர நாற்காலியை வாயிலிலிருந்து மேடைவரை ஒருமுறை தள்ளிப் பார்த்தோம். தரைத்தளத்தில் ஆறு அறைகளைப் பெரியவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். தேவைப்பட்டால் அருகிலேயே வேறு இடமும் பார்த்துவிடலாம். யாரையும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

உங்களிடம் இப்போதைக்கு நாங்கள் கேட்பது ஒன்றுதான். எத்தனை பேர், எந்த நாள் வருகிறீர்கள், தங்க அறை வேண்டுமா என்பதை ஜனவரி 31க்குள் எங்களில் ஒருவருக்கு எழுதிவிடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் 'வரப் பார்க்கிறோம்' என்று எழுதினாலும் சரி. அறையைப் பிடித்துவைத்துக்கொண்டு மார்ச்சில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம். வர முடியாது என்று தெரிந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். வருத்தப்படுவோம், கோபப்பட மாட்டோம். கல்யாணம் முடிந்து ஜூனில் நாங்களே உங்களைப் பார்க்க வருவோம்.

புனேத் தோழிக்கு இந்தத் தேதியைப் போன ஞாயிறே போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'வெள்ளிக்கிழமையே வந்துடறேன், உன் கூடவே இருக்கேன்' என்றாள். அவளுக்கு என் அறையிலேயே இடம் போட்டாயிற்று.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
யாழினி, கதிரவன்
சென்னை, 2026 நவம்பர்